380-இல் ஸ்டாப்லாஸ் போட்டிருந்தேன், 316-இல் வெளியே வந்தேன்

ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கை 412 ரூபாய் விலையில் 600 எண்ணிக்கை வாங்கியிருந்தேன். மொத்தம் 2,47,200 ரூபாய். விலை 380-க்கு வந்தால் விற்றுவிட வேண்டும் என்று வாங்கும்போதே முடிவு செய்து, ட்ரிகர் 380, லிமிட் 379 என்று ஜிடிடி ஆர்டரும் போட்டு வைத்தேன். அதாவது விலை 380-ஐத் தொட்டால், 379-க்குக் குறையாமல் விற்கும் ஆர்டர் தானாகப் போகும். அதுதான் என் ஸ்டாப்லாஸ். பங்குக்கு 32 ரூபாய் நட்டம், 600 பங்குக்கு 19,200 ரூபாய். சந்தையில் நான் போட்டிருந்த பணம் 12 லட்சம். அதில் இது 1.6 சதவீதம்தான். தாங்கக்கூடிய நட்டம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கடைசியில் விற்று முடித்தபோது கையை விட்டுப் போனது 57,288 ரூபாய், நினைத்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இடையில் நடந்த ஐந்து நாள் கதையைத்தான் எழுதுகிறேன். அந்த ஐந்து நாளில் நான் செய்த தவறுகளில் பாதி, தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை.

வாங்கிய சில வாரங்களில் விலை 398-க்கு இறங்கியிருந்தது. ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல், நிறுவனத்தின் ஆடிட்டர் பதவி விலகிவிட்டதாக எக்ஸ்சேஞ்சில் அறிவிப்பு வந்திருப்பதைப் பார்த்தேன். நல்ல செய்தி இல்லை என்று புரிந்தது. ஆனால் ஸ்டாப்லாஸ் இருக்கிறதே, காலையில் விலை இறங்கினால் அதுவே விற்றுவிடும் என்று தூங்கப் போய்விட்டேன். அந்த இரவில் அந்த ஒரு நினைப்பு எனக்கு அதிகச் செலவு வைத்தது.

அந்தப் பங்குக்குத் தினசரி விலை வரம்பு 5 சதவீதம். முந்தைய நாள் முடிவு விலை 398 என்றால் மறுநாள் அது 378.10-க்குக் கீழே போகவே முடியாது. அதுதான் அன்றைய லோயர் சர்க்யூட். நம் சந்தையில் பங்குகளுக்கு 2, 5, 10, 20 சதவீதம் என்று நான்கு விதமான வரம்புகள் உண்டு. எஃப் அண்ட் ஓ, அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம், இருக்கும் பங்குகளுக்கு மட்டும் இப்படி நிலையான வரம்பு கிடையாது. எந்தப் பங்குக்கு எது என்பதை எக்ஸ்சேஞ்ச் முடிவு செய்கிறது, இடையில் மாற்றவும் செய்கிறது. நான் வாங்கும்போது அதைப் பார்க்கவே இல்லை. சார்ட், லாபம், கடன் எல்லாம் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் முதல் வியாபாரமே 378.10-இல் நடந்தது. என் ட்ரிகர் 380. அதற்குக் கீழே விலை வந்துவிட்டதால் ஜிடிடி வேலை செய்தது, 379-க்கு 600 பங்கு விற்கும் ஆர்டர் எக்ஸ்சேஞ்சுக்குப் போனது. போன் அடித்து ‘ட்ரிகர் ஆகிவிட்டது’ என்று செய்தியும் வந்தது. விற்றுவிட்டது என்றே நினைத்தேன். 9.40-க்குத்தான் ஆர்டர் புக்கைத் திறந்தேன். ஆர்டர் அப்படியே நிலுவையில் கிடந்தது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். 378.10-க்கு விற்க ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கும்போது, யாராவது 379 கொடுத்து என்னிடம் வாங்குவார்களா? சரி, லிமிட்டைத் தாராளமாக 370 என்று வைத்திருந்தால்? அதுவும் உதவாது. அன்றைய வரம்புக்குக் கீழே உள்ள விலையில் வரும் ஆர்டரை எக்ஸ்சேஞ்ச் ஏற்காது, திருப்பி அனுப்பிவிடும். வரிசையின் முன்பக்கத்தில் நிற்க வேண்டுமானால் லிமிட் சரியாக 378.10 ஆக இருந்திருக்க வேண்டும். ஆனால் சில வாரங்களுக்கு முன் ஜிடிடி போடும்போது, இந்த நாளின் லோயர் சர்க்யூட் என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? அது முந்தைய நாள் விலையைப் பொறுத்து தினமும் மாறுகிறது. இதனால்தான் முன்கூட்டியே போட்டுவைத்த ஸ்டாப்லாஸ், சர்க்யூட்டில் தொடங்கும் நாளில் பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறது. மார்க்கெட் விலைக்கு விற்கச் சொல்லும் ஸ்டாப்லாஸ் போட்டாலும், வாங்க ஆளில்லாத இடத்தில் அதுவும் வரிசையில்தான் நிற்கும்.

பதற்றத்தில் ஆர்டரின் விலையை 378.10 என்று மாற்றினேன். அப்போது விற்பவர்கள் பக்கம் நிலுவை 4,80,000 பங்குகள். நான் அத்தனைக்கும் பின்னால் போய் நின்றேன். அன்று முழுவதும் கைமாறியது 22,000 பங்குதான். 3.30-க்குச் சந்தை முடிந்ததும் என் ஆர்டர் தானாக ரத்தானது. ஜிடிடி ஒரு முறை ட்ரிகர் ஆனால் அதோடு முடிந்துவிடும் என்பதால், மறுநாளுக்கு என்னிடம் எந்த ஆர்டரும் இல்லை. இதைக் கவனிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். ஸ்டாப்லாஸ் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே மூன்று சர்க்யூட் கடந்தவர்கள் உண்டு.

லோயர் சர்க்யூட்டில் எல்லோரும் ஒரே விலைக்குத்தான் விற்க முடியும். விலையில் போட்டி போட வழியில்லை. அதனால் யார் முதலில் ஆர்டர் போட்டார் என்பது மட்டும்தான் கணக்கு. ரேஷன் கடை வரிசை மாதிரிதான். வாங்க வரும் ஒவ்வொரு பங்கும் வரிசையின் முதல் ஆளுக்கே போகும். இதைப் புரிந்துகொண்ட பிறகு என் வேலை ஒன்றாகச் சுருங்கியது: மறுநாள் வரிசையில் எவ்வளவு முன்னால் நிற்க முடியும்?

அன்று மாலையே, மறுநாள் காலை எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் ஆஃப்டர் மார்க்கெட் ஆர்டர் போட்டேன். இரண்டாம் நாள் சர்க்யூட் விலையை நானே கணக்கிட்டேன்: 378.10-இல் 5 சதவீதம் கழித்தால் 359.195. இந்தப் பங்கின் விலை ஐந்து பைசா ஐந்து பைசாவாகத்தான் நகரும் என்பதால் 359.15 என்று போட்டேன். காலையில் பார்த்தால் ஆர்டர் நிராகரிக்கப்பட்டிருந்தது. சரியான விலை 359.20. நான் கீழ்ப்பக்கமாக வெட்டிவிட்டதால் ஐந்து பைசா வித்தியாசத்தில் வரம்புக்கு வெளியே போய்விட்டது. 9.10-க்குக் கண்டுபிடித்து, 9.15-க்குச் சந்தை திறந்ததும் திரும்பப் போட்டபோது மறுபடியும் லட்சக்கணக்கான பங்குகளுக்குப் பின்னால். இரண்டாம் நாளும் ஒரு பங்குகூட விற்கவில்லை.

இப்போது இந்தக் கணக்கில் எப்போதும் மேல்பக்கமாகத்தான் போகிறேன். அதோடு, காலை எட்டரை மணிக்கு மேல் அன்றைய வரம்பை எக்ஸ்சேஞ்ச் தளத்திலோ புரோக்கர் ஆப்பிலோ ஒரு முறை நேரில் பார்த்துவிடுகிறேன். முந்தைய மாலை வரம்பின் சதவீதமே மாற்றப்பட்டிருக்கலாம். அப்படி மாறினால் நம் கணக்கு மொத்தமும் தவறு.

மூன்றாம் நாள் சர்க்யூட் விலை 341.25. அன்று காலை, இதே பங்கு பிஎஸ்இயிலும் இருக்கிறதே என்று யோசனை வந்தது. எனக்கு எப்போதும் என்எஸ்இயில் வாங்கி விற்றே பழக்கம். டிமேட்டில் இருக்கும் பங்குக்கு எந்த எக்ஸ்சேஞ்சில் வாங்கினோம் என்ற பேதம் கிடையாது, எங்கு வேண்டுமானாலும் விற்கலாம். பிஎஸ்இயில் வியாபாரம் குறைவு. ஆனால் விற்பவர்கள் வரிசையும் மிகக் குறைவு, 31,000 பங்குகள்தான். முந்தைய முடிவு விலை சற்று வேறாக இருந்ததால் அங்கு சர்க்யூட் விலை 341.45. என்னிடம் இருந்ததில் 200 பங்கை அங்கே போட்டேன், 400-ஐ என்எஸ்இயில் விட்டேன். மாலைக்குள் பிஎஸ்இயில் 85 பங்கு விற்றது. மூன்று நாளில் கையில் வந்த முதல் பணம் அது. ஒரே பங்கை இரண்டு இடத்திலும் முழு எண்ணிக்கையில் போடக் கூடாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டும் விற்றுவிட்டால் இல்லாத பங்கை விற்றதாகி, எக்ஸ்சேஞ்சே அதை ஏலத்தில் வாங்கிக் கொடுத்து நம்மிடம் பணம் வசூலிக்கும் ஆக்‌ஷன் வரை போகும். இன்ட்ராடே பொசிஷனுக்கு இந்த வழி பொருந்தாது, எங்கே எடுத்தீர்களோ அங்கேதான் முடிக்க வேண்டும்.

நான்காம் நாள் விலை 324.20. அன்று 9 மணிக்கு முன்பே கணினி முன் உட்கார்ந்துவிட்டேன். ப்ரீ ஓப்பன் நேரத்தில், அதாவது 9 மணியிலிருந்து சுமார் எட்டு நிமிடம், போடும் ஆர்டர்கள் விற்காவிட்டால் அதே நேர முத்திரையோடு 9.15-க்குத் தொடங்கும் சந்தைக்குள் போகின்றன. ஆகவே வரிசை 9.15-க்குத் தொடங்குவதில்லை, 9 மணிக்கே தொடங்கிவிடுகிறது. ஆஃப்டர் மார்க்கெட் ஆர்டரை எந்த நொடியில் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புகிறார்கள் என்பது புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். என் புரோக்கர் சற்றுத் தாமதமாக அனுப்புகிறார் என்பதை ஆர்டரில் பதிவான நேரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் அன்று கையால் 9 மணி அடித்ததும் போட்டேன். 515 பங்கில் 140 விற்றது.

இந்த இடத்தில் நொடிகளைத் தின்னும் இன்னொன்று இருக்கிறது. டிமேட்டிலிருந்து பங்கை எடுக்கப் புரோக்கருக்கு நிரந்தர அனுமதி தரும் டிடிபிஐ கொடுக்காதவர்கள், விற்கும் ஒவ்வொரு நாளும் டிபின், ஓடிபி போட்டு அனுமதி தர வேண்டும். சாதாரண நாளில் ஒரு நிமிட வேலை. சர்க்யூட் நாளில் அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு லட்சம் பங்கு உங்களுக்கு முன்னால் போய்விடும். டிடிபிஐ கொடுக்க விருப்பமில்லை என்றால், 9 மணிக்கு முன்பே அனுமதியை முடித்துவைப்பது நல்லது.

ஐந்தாம் நாள், 308 ரூபாய். 9.15-க்கு விற்பவர் நிலுவை 6,10,000. முந்தைய நாட்களைவிட அதிகம். பார்த்ததும் மனம் விட்டுப்போனது. ஆனால் பத்து மணிக்குள் 1,50,000 பங்கு கைமாறியிருந்தது. பத்தரைக்கு வியாபாரம் 4 லட்சத்தைத் தாண்டியது, நிலுவை 1,90,000-ஆகக் குறைந்தது. சர்க்யூட் திறக்கப்போகிறதா என்பதை நிலுவையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது என்று அன்று கற்றேன். நிலுவை குறையும்போது வியாபாரம் அதே அளவு ஏறுகிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறினால் யாரோ உண்மையாக வாங்குகிறார்கள். வியாபாரம் ஏறாமல் நிலுவை மட்டும் குறைந்தால், விற்க வந்தவர்கள் ஆர்டரை ரத்து செய்கிறார்கள் என்றுதான் பொருள், அவர்கள் திரும்பவும் வரலாம்.

அந்த நேரத்தில் கை பரபரத்தது. திறந்தால் விலை ஏறும், ஆர்டரை 315-க்கு மாற்றலாமா என்று தோன்றியது. மாற்றவில்லை. விலையைத் தொட்டாலும் எண்ணிக்கையைக் கூட்டினாலும் வரிசையில் நம் இடம் போய்விடும். எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போகாது. 10.50 அளவில் மீதி 375 பங்கும் 308-இல் விற்றது. சில நிமிடங்களில் சர்க்யூட் திறந்தது. அன்று மாலை அந்தப் பங்கு 319-இல் முடிந்தது. காத்திருந்தால் நான்காயிரம் ரூபாய் கூடக் கிடைத்திருக்கும். ஆனால் விற்பது என்று 380-க்கே முடிவு செய்துவிட்ட பங்கு அது. வெளியேற வழி கிடைத்த முதல் நிமிடத்தில் வெளியேறியதை நான் இன்றுவரை சரி என்றே நினைக்கிறேன். சர்க்யூட் ஒரு மணி நேரம் திறந்து மறுபடி மூடிக்கொள்வது அடிக்கடி நடக்கும் விஷயம்.

சேர்த்துப் பார்த்தால் 85 பங்கு 341.45-இல், 140 பங்கு 324.20-இல், 375 பங்கு 308-இல். சராசரி 316 ரூபாய் ஐம்பது பைசா.

பிறகு யோசித்தபோது, உண்மையான தவறு ஐந்து நாளிலும் நடக்கவில்லை, வாங்கிய அன்றே நடந்துவிட்டது என்று தெரிந்தது. 32 ரூபாய் நட்டம் என்று வைத்துத்தான் 600 பங்கு என்ற எண்ணிக்கையை முடிவு செய்தேன். அந்த 32 ரூபாய், 380-இல் விற்க முடியும் என்றால் மட்டுமே உண்மை. இப்போது சிறிய பங்குகளுக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறேன். 5 சதவீத வரம்பு உள்ள பங்கு என்றால், ஸ்டாப்லாஸ் விலைக்குக் கீழே மூன்று சர்க்யூட் மாட்டிக்கொள்வேன் என்று வைத்துக்கொள்கிறேன். 380-லிருந்து மூன்று முறை 5 சதவீதம் இறங்கினால் சுமார் 326. பங்குக்கு நட்டம் 86 ரூபாய். மோசமான நிலையில் நான் தாங்கத் தயாரான தொகை 12 லட்சத்தில் 3 சதவீதம், 36,000 ரூபாய். அதை 86-ஆல் வகுத்தால் 418. ஆகவே நான் வாங்கியிருக்க வேண்டியது 400 பங்கு. அப்படி வாங்கியிருந்தால் இதே சராசரி விலையில் நட்டம் 38,000-க்குச் சற்று மேல் இருந்திருக்கும். வலித்திருக்கும், ஆனால் நான் ஒப்புக்கொண்ட அளவுக்கு அருகிலேயே இருந்திருக்கும்.

மூன்று என்பது சட்டமில்லை. 20 சதவீத வரம்பு உள்ள பங்கில் ஒரே ஒரு சர்க்யூட்டை வைத்துக் கணக்கிட்டாலே போதுமான பயம் வந்துவிடும். இரண்டு சேர்ந்தால் 36 சதவீதம் போய்விடும். மறுபக்கம், 2 சதவீத வரம்பு பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதில் விழும் வேகம் குறைவு, மாட்டிக்கொள்ளும் நாட்கள் அதிகம். தினமும் 2 சதவீதமாகப் பதினைந்து நாள் விழுந்தால் நூறு ரூபாய் 74 ஆகிவிடும். அதுவரை பணம் வெளியே வராது.

வரம்பு இல்லாத பங்கில் என்ன நடக்கும் என்பதற்கு 2023 ஒரு நல்ல பாடம். ஜனவரி 24 அன்று ஹிண்டன்பர்க் அறிக்கை வந்தது. அதானி குழுமத்தில் அப்போது எஃப் அண்ட் ஓ இல்லாத அதானி டோட்டல் கேஸ் ஜனவரி 27 அன்று 20 சதவீத லோயர் சர்க்யூட்டில் நின்றது. பின்னர் வரம்பு குறைக்கப்பட்டு, வாரக்கணக்கில் லோயர் சர்க்யூட்டிலேயே தினமும் இறங்கியது. எஃப் அண்ட் ஓ இருந்த அதானி என்டர்பிரைசஸ் பிப்ரவரி 1 அன்று ஒரே நாளில் சுமார் 28 சதவீதம் விழுந்தது. பயங்கரமான வீழ்ச்சிதான், ஆனால் விற்க நினைத்தவருக்கு அன்று வாங்க ஆள் இருந்தது. ஸ்டாப்லாஸ் போட்ட விலை கிடைக்காமல் போயிருக்கலாம், ஏதோ ஒரு விலை கிடைத்தது. என்னைக் கேட்டால், ஸ்டாப்லாஸை நம்பி வியாபாரம் செய்பவர் எஃப் அண்ட் ஓ உள்ள பங்குகளோடு நிற்பதே நல்லது.

அப்பர் சர்க்யூட்டிலும் இதே பூட்டு உண்டு, அங்கே மாட்டுவது ஷார்ட் போட்டவர், அதாவது கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுப் பிறகு வாங்க நினைத்தவர். என் நண்பர் ஒருவர் 5 சதவீத வரம்பு உள்ள ஒரு பங்கை இன்ட்ராடேயில் 154-க்கு 200 எண்ணிக்கை விற்றார். முந்தைய நாள் விலை 150, ஸ்டாப்லாஸ் 156.50. மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த நிறுவனத்துக்கு ஒரு ஆர்டர் கிடைத்த செய்தி வந்தது, விலை ஒரே தாவலில் 157.50-க்குப் போய் நின்றது. விற்க ஆளில்லை. புரோக்கரின் தானியங்கி ஸ்கொயர் ஆஃபும் வாங்க முயன்று தோற்றது. விற்ற பங்கை ஒப்படைக்க முடியாததால் அது எக்ஸ்சேஞ்ச் ஆக்‌ஷனுக்குப் போனது. அங்கே 169-க்கு வாங்கிக் கொடுத்தார்கள். 500 ரூபாய் நட்டத்தோடு முடிய வேண்டியது 3,000 ரூபாயும் அதற்கு மேல் அபராதக் கட்டணமும் ஆனது. அதே பங்கு அவர் டிமேட்டில் 200 இருந்திருந்தால் அதைக் கொடுத்துத் தப்பியிருப்பார். எஃப் அண்ட் ஓ இல்லாத பங்கில் ஷார்ட் போடுவதை அவர் அன்றோடு நிறுத்திவிட்டார். நானும் போடுவதில்லை.

இப்போது என்னிடம் 5 சதவீத வரம்பில் ஒரே ஒரு பங்கு இருக்கிறது. தினசரி சராசரி வியாபாரம் 40,000 பங்கு, என்னிடம் இருந்தது 300. வியாழக்கிழமை மாலை அதன் காலாண்டு முடிவு வருகிறது. முடிவு வந்த பிறகு விற்க வழி இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்று விலை நன்றாக இருக்கும்போதே 150-ஐ விற்றுவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கான லோயர் சர்க்யூட் விலையை வியாழன் முடிவு விலையை வைத்து அன்று மாலையே கணக்கிட்டு, ஆப்பில் ஆர்டரைத் தயாராக எழுதி வைப்பேன். செய்தி மோசமாக இருந்தால் 9 மணிக்கு அழுத்த வேண்டியது மட்டும்தான் பாக்கி.